காட் மீன் தீர்ந்துபோன கணக்கு

1980களின் நடுவில் கனடாவின் கிழக்குக் கோடியில் இருக்கும் நியூஃபவுண்ட்லாந்து தீவில் மீன்பிடிப்பவர்கள் இரண்டு கட்சியாக நின்றார்கள். கரையோரக் குக்கிராமங்களிலிருந்து சிறு படகில் போய்வருகிறவர்கள் ஒரு கட்சி. கேப்லின் என்கிற பொடிமீனைத் துரத்திக்கொண்டு கோடையில் காட் மீன் கரையை ஒட்டி வரும். அதைப் பெட்டிபோலக் கட்டி நிறுத்திய வலையிலும் தூண்டிலிலும் செவுள் வலையிலும் பிடிப்பது அவர்கள் தொழில். சில வருஷமாக மீன்பாடு குறைந்துகொண்டே வருகிறது, வருகிற மீனும் சிறுத்துவிட்டது என்றார்கள் அவர்கள். இன்னொரு கட்சி, நிறுவனங்களின் பெரிய இழுவைக் கப்பல்கள். அவை குளிர்காலத்தில் கரையிலிருந்து வெகுதூரம் போய், கண்டத்திட்டின் விளிம்பில் மடி இழுத்தன. அவர்களுக்கு மடி நிறைந்தே வந்தது. மீன் ஏராளம் என்றார்கள்.

இரண்டு பேரும் உண்மையைத்தான் சொன்னார்கள். ஒரே மீன்கூட்டத்தைப் பற்றித்தான் சொன்னார்கள். அப்படியும் ஒருவர் சொன்னதை மட்டும் நம்பிக் கணக்குப் போட்டதில், 1992 ஜூலை 2 அன்று கனடா அரசு அந்தக் கடலில் காட் மீன்பிடிப்பையே நிறுத்த வேண்டி வந்தது. மீன்பிடிப்பிலும் பதனிடும் ஆலைகளிலுமாக ஏறக்குறைய 30,000 பேர் வேலை இழந்தார்கள். இரண்டு வருஷத் தடை என்றுதான் அறிவித்தார்கள். அது 32 வருஷம் நீடித்தது.

என்ன நடந்தது என்பதை ஜெஃப்ரி ஹட்சிங்ஸ், ரான்சம் மையர்ஸ் என்ற இரண்டு அறிவியலாளர்கள் 1994-இல் ஓர் ஆய்வுக் கட்டுரையாக எழுதினார்கள். புதுப்பித்துக்கொள்ளக்கூடிய ஒரு வளம் அழிந்துபோனதிலிருந்து என்ன கற்கலாம் என்பதே அதன் தலைப்பு. கனடாவின் மீன்வள அறிவியல் இதழில் இருபது பக்கம் வந்த அந்தக் கட்டுரை, வரைபடமும் சமன்பாடுமாக இருக்கிறது. எந்தக் கரையில் தொழில் செய்கிறவருக்கும் உதவக்கூடிய விஷயம் அதற்குள் இருப்பதால், அதைச் சாதாரணத் தமிழில் பிரித்துப் பார்க்கலாம்.

முதலில் மீனைப் பற்றி. காட் நம் கடல் மீன் அல்ல. ஆனாலும் காட் லிவர் ஆயில் என்ற பெயரில் அதன் ஈரல் எண்ணெயைக் குழந்தைப் பருவத்தில் விழுங்காத வீடு குறைவு. குளிர்ந்த நீரில், அடிமட்டத்தை ஒட்டி வாழும் மீன் அது. இருபது வயதைத் தாண்டியும் வாழக்கூடியது. நியூஃபவுண்ட்லாந்துக்கும் லாப்ரடாருக்கும் அப்பால் இருக்கும் கூட்டம் முட்டையிடும் பருவத்துக்கு வர ஆறு ஏழு வருஷம் ஆகும். வந்த பிறகு ஒரு பெரிய பெண் மீன் ஒரு பருவத்தில் லட்சக்கணக்கில் முட்டையிடும். இந்த ஆறு ஏழு வருஷத்தை வாசகர் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பின்னால் வருகிற பல விஷயம் அதைச் சுற்றித்தான் நடக்கிறது.

ஐரோப்பியர்கள் 1500களின் தொடக்கத்திலிருந்தே அங்கு போய் காட் பிடித்து, உப்பிட்டு, காயவைத்துக் கொண்டுபோனார்கள். தூண்டிலும் சிறு படகும் இருந்த காலம் முழுக்க, ஆண்டுக்கு அதிகபட்சம் இரண்டு மூன்று லட்சம் டன் என்ற அளவுக்குள் அது ஓடிக்கொண்டிருந்தது. மீன் ஒளிந்துகொள்ளவும் இடம் இருந்தது. ஆழ்கடலில் குளிர்கால மாதங்களில் அதை யாரும் தொடவில்லை, தொடவும் முடியவில்லை. 1954-இல் பிரிட்டனிலிருந்து ஃபேர்ட்ரை என்ற கப்பல் வந்தது. பின்புறம் வழியாக மடியை ஏற்றி, கப்பலுக்குள்ளேயே வெட்டி, உறையவைத்து, வாரக்கணக்கில் கடலிலேயே நிற்கிற மிதக்கும் ஆலை அது. அதைப் பார்த்து சோவியத் ஒன்றியம், ஸ்பெயின், போர்ச்சுகல், ஜெர்மனி எல்லாம் அப்படியே கட்டின. 1968-இல் வடக்குக் காட் கூட்டத்திலிருந்து மட்டும் எட்டு லட்சம் டன்னுக்கு மேல் பிடித்தார்கள். பத்தே வருஷத்தில், 1978-இல், அது ஒரு லட்சத்து நாற்பதாயிரம் டன்னுக்கு இறங்கிவிட்டது.

1977-இல் கனடா தன் கடல் எல்லையை 200 கடல் மைலுக்கு விரித்து வெளிநாட்டுக் கப்பல்களை வெளியேற்றியது. கதை அங்கே நல்லபடியாக முடிந்திருக்க வேண்டும். அந்நியர் போய்விட்டார்கள், இனி நம் மீன் நமக்கு என்ற உற்சாகத்தில் அரசுக் கடனும் மானியமுமாகச் சொந்த இழுவைக் கப்பல்களும் ஆலைகளும் பெருகின. ஆனால் இந்த முறை கண்ணை மூடிக்கொண்டு பிடிக்கவில்லை. இருப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஒரு வருஷத்தில் எடுப்பதில்லை என்று அறிவியலாளர்கள் ஒரு விதி வகுத்தார்கள். உலகத்திலேயே மிகக் கவனமான விதிகளில் ஒன்று என்று அதற்குப் பெயர். விதியில் குறையில்லை. ஐந்தில் ஒன்று என்று சொல்ல, அந்த ஐந்து எவ்வளவு என்று தெரிய வேண்டும் அல்லவா? சிக்கல் அங்கேதான் இருந்தது.

கடலில் இருக்கும் மீனை யாரும் எண்ணிவிட முடியாது. அதனால் மறைமுகமாக எண்ணுகிறார்கள். அதில் ஒரு வழி, பின்னோக்கி எண்ணுவது. மீனின் தலைக்குள் காதுக்கல் என்று ஒரு சிறு துண்டு உண்டு. மரத்தில் வளையம் இருப்பதுபோல் அதில் வருஷத்துக்கு ஒரு வளையம் விழும். அதை வைத்து, கரைக்கு வரும் மீனின் வயதைக் கண்டுபிடித்துவிடலாம். 1970-இல் பிறந்த மீன்களில் 1974-இல் எத்தனை பிடிபட்டன, 1975-இல் எத்தனை, 1976-இல் எத்தனை என்று கூட்டிக்கொண்டே வந்தால், அந்தக் குஞ்சுகள் குறைந்தது இத்தனை இருந்திருக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். இயற்கையாகச் செத்தவற்றுக்கு ஓர் அளவைச் சேர்த்துக்கொள்வார்கள். திடமான முறைதான். ஆனால் ஒரு வயதுக் கூட்டம் முழுக்கப் பிடிபட்டோ செத்தோ முடிந்த பிறகுதான் அதன் கணக்கு முழுமையாகும். ஆக, பத்து வருஷத்துக்கு முந்தைய கடல் தெளிவாகத் தெரியும், இந்த வருஷத்துக் கடல் மங்கலாகத்தான் தெரியும். அரசுக்கு வேண்டியதோ இந்த வருஷத்துக் கணக்கு.

அந்த மங்கலைத் தெளிவாக்க இரண்டு அளவுகள் கையில் இருந்தன. ஒன்று, ஆய்வுக் கப்பல் இலையுதிர்காலத்தில் போய் கடல் முழுக்கக் குலுக்கல் முறையில் தேர்ந்த இடங்களில் ஒரே மாதிரியான மடியை ஒரே நேர அளவு இழுத்துப் பார்ப்பது. மீன் இருக்கும் இடம், இல்லாத இடம் என்று பார்க்காமல் சீட்டு விழுந்த இடத்தில் இழுப்பதுதான் இதன் பலம். பலவீனம், இழுப்புகள் குறைவு என்பது. தற்செயலாக ஒரு பெரிய கூட்டத்தின் மேல் மடி விழுந்துவிட்டால் அந்த வருஷத்துக் கணக்கே வீங்கிவிடும். 1986-இல் அப்படித்தான் திடீரென்று எண்ணிக்கை எகிறியது. இன்னொரு அளவு, வணிக இழுவைக் கப்பல்கள் ஒரு மணி நேர இழுப்பில் எவ்வளவு மீன் எடுத்தன என்பது. ஆயிரக்கணக்கான இழுப்புகள், எல்லாவற்றுக்கும் பதிவேடு. சும்மா கிடைக்கிற தகவல். மீன் பாதியானால் ஒரு மணி நேரத்துக்குக் கிடைப்பதும் பாதியாகும் என்ற எண்ணத்தில் அதைப் பயன்படுத்தினார்கள்.

அது பாதியாகவில்லை. ஏன் என்பதைத்தான் ஹட்சிங்ஸும் மையர்ஸும் விளக்குகிறார்கள்.

கோடையில் குளம் வற்றுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தண்ணீர் குறையக் குறைய மீன் எல்லாம் நடுவில் இருக்கும் மடுவுக்கு வந்து சேரும். மடுவில் கூடையை விட்டுத் தூக்குகிறவருக்குக் கடைசி நாள் வரை கூடை நிறையும். காட் மீனும் அப்படித்தான் செய்தது. எண்ணிக்கை குறைந்தபோது அது கடல் முழுக்க மெலிதாகப் பரவி நிற்கவில்லை. முன்பு பரவியிருந்த வடக்குப் பகுதிகளைக் காலிசெய்துவிட்டு, முட்டையிடும் குளிர்கால இடங்களில் நெருக்கமாகக் கூடியது. இழுவைக் கப்பல்களோ சீட்டுக் குலுக்கி இழுப்பதில்லை. எங்கே மீன் கூடியிருக்கிறதோ அங்கே போய் இழுப்பதுதான் அவற்றின் தொழில். எதிரொலிக் கருவி, இடம் காட்டும் கருவி, மற்ற கப்பல்களிடமிருந்து வானொலித் தகவல் என்று வருஷத்துக்கு வருஷம் அந்தத் திறமையும் கூடியது. மீன் குறைந்தது, திறமை கூடியது. இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டியதால் ஒரு மணி நேர மீன்பாடு இறங்கவே இல்லை. சில வருஷம் ஏறவும் செய்தது.

கரையோரப் பெட்டி வலைக்காரருக்கு இந்த வசதி இல்லை. அவர் வலை ஒரே இடத்தில் நிற்கிறது. மீன் அவரைத் தேடி வர வேண்டும். ஆழ்கடலிலிருந்து கிளம்பி, மிச்சம் மீதி இருந்து, கரைக்கு வந்து சேர்கிற மீன்தான் அவருக்கு. கூட்டம் சுருங்கும்போது முதலில் காலியாவது அவர் நிற்கிற ஓரம்தான். குளத்தின் கரையில் நிற்கிறவருக்கு முதலில் தெரிந்தது, மடுவில் நிற்கிறவருக்குக் கடைசியில் தெரிந்தது.

கணக்கில் இது என்ன செய்யும் என்பதை ஒரு எளிய உதாரணத்தில் பார்க்கலாம். இந்த எண்கள் விளக்கத்துக்கு மட்டும்தான். கடலில் உண்மையில் ஐந்து லட்சம் டன் மீன் இருக்கிறது, பத்து லட்சம் இருப்பதாக நம்புகிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஐந்தில் ஒன்று என்ற விதிப்படி இரண்டு லட்சம் டன் பிடிக்க அனுமதி தருகிறோம். ஐந்தில் ஒன்று எடுத்ததாக நினைக்கிறோம், எடுத்ததோ ஐந்தில் இரண்டு. புதிதாக வளர்ந்து சேருவது ஒரு லட்சம் என்றால் அடுத்த வருஷம் நாலு லட்சம் இருக்கும். கப்பல்காரர் மீன்பாடு இறங்கவில்லை என்பதால் அனுமதி மாறாது. இரண்டு லட்சம் எடுத்தால் இப்போது சரிபாதி போகிறது. மூன்றாம் வருஷம் இருப்பது மூன்று லட்சம், எடுப்பது மூன்றில் இரண்டு. நாலாம் வருஷம் கடலில் இருப்பதே இரண்டு லட்சம், அனுமதியும் இரண்டு லட்சம். விதியை ஒருவரும் மீறவில்லை. அனுமதிச் சீட்டுக்கு மேல் ஒரு கிலோகூட யாரும் பிடிக்கவில்லை. மீன் தீர்ந்துவிட்டது.

நியூஃபவுண்ட்லாந்தில் நடந்தது ஏறத்தாழ இதுதான். 1984 முதல் 1988 வரை வருஷத்துக்கு ஏறக்குறைய 2,66,000 டன் என்று அனுமதித்தார்கள். 1989 தொடக்கத்தில் அறிவியலாளர்கள் பின்னோக்கி எண்ணுகிற கணக்கைப் புதுத் தகவலோடு திரும்பப் போட்டபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. பத்து வருஷமாக ஐந்தில் ஒன்று எடுப்பதாக நினைத்திருந்த இடத்தில், அதைப்போல் இரண்டு மடங்குக்குக் குறையாமல் எடுத்திருந்தார்கள். மங்கலாக இருந்த வருஷங்கள் காலம் போய்த் தெளிவானபோது, நம்பியதில் பாதி மீன்தான் அங்கே இருந்திருக்கிறது என்று தெரிந்தது.

அப்போது அவர்கள் கொடுத்த ஆலோசனை, விதிப்படி போனால் 1,25,000 டன்தான் பிடிக்கலாம் என்பது. அரசு 2,35,000 டன்னுக்கு அனுமதி கொடுத்தது. ஒரேயடியாகப் பாதியாக்கினால் ஆலைகள் மூடிவிடும், ஊர்கள் படுத்துவிடும் என்ற பயம். அந்தப் பயத்தை இளக்காரமாகப் பேச முடியாது. ஆனால் அடுத்த மூன்று வருஷத்தில் போனது, எஞ்சியிருந்ததில் பெரும்பகுதி. அறிவியல் தவறாகச் சொன்ன காலத்தில் அரசு அதை அப்படியே கேட்டது. சரியாகச் சொன்ன வருஷத்தில் கேட்கவில்லை.

கரையோர மீனவர்கள் சும்மா இருக்கவில்லை என்பதையும் இங்கே பதிவுசெய்ய வேண்டும். அவர்கள் சங்கமாகத் திரண்டு, 1986-இல் மெமோரியல் பல்கலைக்கழக உயிரியலாளர்கள் மூவரைக் கொண்டு அரசுக் கணக்கைச் சுதந்திரமாகத் தணிக்கை செய்யவைத்தார்கள். இருப்பைக் கூடுதலாக மதிப்பிடுகிறார்கள் என்று அந்தத் தணிக்கை சொன்னது. முட்டையிடும் இடத்தில் இழுவைக் கப்பல்களை நிறுத்தச் சொல்லி நீதிமன்றத்துக்கும் போனார்கள். பலிக்கவில்லை. அரசே நியமித்த லெஸ்லி ஹாரிஸ் தலைமையிலான குழு 1990-இல் ஏறக்குறைய அதே முடிவுக்கு வந்தது.

இனி, கட்டுரையின் இரண்டாவது பெரிய வாதம். மீன் தீர்ந்ததும் எல்லோரும் கைகாட்டியது குளிரின் மேல். 1980களின் கடைசியிலும் 1990களின் தொடக்கத்திலும் அந்தக் கடல் வழக்கத்தைவிடக் குளிர்ந்திருந்தது உண்மை. குளிர் தாங்காமல் மீன் செத்துவிட்டது, அல்லது தெற்கே போய்விட்டது என்று சொல்வது அமைச்சகத்துக்கும் வசதி, கப்பல் நிறுவனத்துக்கும் வசதி. அப்படியானால் யார்மேலும் தப்பில்லை. கடல்நாய்கள் தின்றுவிட்டன என்று சொன்னவர்களும் உண்டு.

ஹட்சிங்ஸும் மையர்ஸும் இதை ஒரு கேள்வியாக எடுத்துக்கொண்டு சோதித்தார்கள். குளிர்தான் காரணம் என்றால், முன்பு குளிர்ந்த காலங்களிலும் மீன் குறைந்திருக்க வேண்டும். செயின்ட் ஜான்ஸ் துறைமுகத்துக்கு அருகே ஒரே இடத்தில் 1946 முதல் கடல் வெப்பத்தை அளந்து வருகிறார்கள். அதற்கு முந்தைய காலத்துக்குப் பழைய பதிவுகள் இருந்தன. 1800களில் அந்தக் கடல் இதே அளவு குளிரைப் பார்த்திருக்கிறது. அப்போதும் மீன்பிடிப்பு குலையவில்லை. தெற்கே நகர்ந்தது என்பதற்கும் அவர்கள் பதில் வைத்தார்கள். வடக்கில் இருந்த மீன் இடம் மாறவில்லை, பிடிபட்டுப் போயிற்று, தெற்கில் மிச்சமிருந்தது கண்ணுக்குத் தெரிந்தது. மீன்பிடிப்பு ஒன்றே போதுமான காரணம், சுற்றுச்சூழலை இழுக்கத் தேவையில்லை என்று முடிவாக எழுதினார்கள். அரசு ஆய்வு வட்டாரத்தில் இது எளிதில் செரிக்கவில்லை.

அவர்கள் கடைசி வார்த்தை சொல்லிவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. காட்டின் முக்கிய உணவான கேப்லின் 1990, 1991 வாக்கில் திடீரென்று சரிந்தது. காட் இளைத்துப்போயிருந்தது. இதை வைத்து, மீன்பிடிப்போடு கடலின் மாற்றமும் சேர்ந்தே அடித்தது என்று ஜார்ஜ் ரோஸ் போன்ற ஆய்வாளர்கள் சொல்லி வருகிறார்கள். தடை போட்ட பிறகும் பல வருஷம் மீன் திரும்பாதது அவர்கள் பக்கத்துக்கு வலு. ஆனால் ஒன்றை இரு தரப்பும் மறுப்பதில்லை. வயதான பெரிய மீன்கள் நிறைய இருந்திருந்தால் ஒரு குளிர்காலத்தையோ சில கெட்ட வருஷங்களையோ கூட்டம் தாங்கியிருக்கும். ஆறு ஏழு வயதில்தான் முட்டையிடத் தொடங்கும் மீனில், அந்த வயதை எட்டுவதற்கு முன்பே பெரும்பாலானவை மடியில் போய்க்கொண்டிருந்தன. சிறியதாக இருந்தால் விலை போகாது என்று கப்பலிலேயே திரும்பக் கடலில் கொட்டப்பட்டவையும் ஏராளம். அவை உயிரோடு திரும்பவில்லை, எந்தக் கணக்கிலும் ஏறவும் இல்லை.

இந்த வயது விஷயத்தை நம் பக்கத்துக் கடலோடு ஒப்பிட்டால் இன்னும் விளங்கும். கேரளக் கரையில் மத்தி, அதாவது சாளை, 2012-இல் நாலு லட்சம் டன்னை ஒட்டிக் கிடைத்தது. 2021-இல் அது 3,297 டன்னுக்கு விழுந்தது. கொச்சியில் இருக்கும் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் கணக்கு இது. 1947-இல் தொடங்கிய அந்த நிலையம் முன்பு இருந்தது நம் மண்டபத்தில்தான். நூறில் ஒன்றுக்கும் கீழே இறங்கிய மத்தி அடுத்த வருஷமே ஒரு லட்சம் டன்னைத் தாண்டியது. மத்தியின் ஆயுள் இரண்டரை வருஷம், ஒரு வயதுக்குள் முட்டையிடத் தயாராகிவிடும். பருவமழையும் தீனியும் கூடிவந்தால் ஒரே பருவத்தில் எழுந்துவிடும். காட் அப்படி எழாது. மத்தி திரும்பி வந்ததைப் பார்த்து, எந்த மீனும் தானாகத் திரும்பிவிடும் என்று நினைத்துவிட்டால் சுறா, களவா போன்ற மெதுவாக வளரும் மீன்களில் ஏமாற வேண்டிவரும். இன்னொன்றும் உண்டு. மத்தியும் கூட்டமாகத் திரளும் மீன். சுருக்குமடி வளைக்கிறவருக்குக் கூட்டம் கண்ணில் படுகிறவரை வலை நிறையும். ஒரு வளைப்பில் எவ்வளவு கிடைத்தது என்பதை மட்டும் வைத்துக் கடலில் எவ்வளவு இருக்கிறது என்று சொல்ல முடியாது.

பின்னே எதை வைத்துச் சொல்வது? 1994 கட்டுரையில் கரையோரத் தொழிலைப் பற்றிய பகுதி இதற்குப் பதில் தருகிறது. ஆய்வாளர்கள் மொத்தப் பிடிப்பை மட்டும் பார்க்காமல், அதைப் பிடிக்க என்ன செலவானது என்று பார்த்தார்கள். 1980களில் கரையோரப் பிடிப்பு சில இடங்களில் பெரிதாகக் குறையாததுபோல் தெரிந்தது. உள்ளே பார்த்தால், ஒரு படகு விரிக்கும் செவுள் வலைகளின் எண்ணிக்கை கூடியிருந்தது. படகுகள் முன்பு போகாத தூரத்துக்குப் போயிருந்தன. அதே மீனுக்கு இரண்டு மடங்கு வலை என்றால், வலை ஒன்றுக்கு மீன் பாதியாகிவிட்டது என்றுதான் பொருள். இதை எந்த மீனவரும் தன் டீசல் கணக்கிலும் வலைக் கணக்கிலும் பார்த்துவிட முடியும். மொத்தம் எத்தனை கூடை என்பதைவிட, ஒரு வலைக்கு எத்தனை, எத்தனை மைலில், எத்தனை மணி நேரத்தில், எந்த அளவு மீன் என்பதே விஷயம். கிடைக்கிற மீனின் சராசரி நீளம் வருஷா வருஷம் குறைகிறதா, பழைய இடங்களில் ஒவ்வொன்றாக வலை விரிப்பதையே நிறுத்திவிட்டோமா என்பவையும் அதே அளவு முக்கியம். இடம் சுருங்குவது எண்ணிக்கை சுருங்குவதற்கு முன்னறிகுறி.

இந்த ஞானம் கனடாவில் தாமதமாகவேனும் ஒரு ஏற்பாடாக மாறியது. தடை நடப்பில் இருந்த 1995-இல், கரையோர மீனவர்களைக் கொண்டே காவல் கணக்கெடுப்பு என்று ஒன்றைத் தொடங்கினார்கள். தேர்ந்தெடுத்த மீனவர்கள் ஆண்டுதோறும் அதே இடத்தில், அதே வலையை, அதே கண்ணி அளவோடு, அதே பருவத்தில் விரிப்பார்கள். நல்ல இடம் தேடிப் போகக் கூடாது. கிடைத்ததை எண்ணி, நீளம் அளந்து, காதுக்கல் எடுத்துப் பதிவார்கள். வெறும் வலை வந்தால் வெறும் வலை என்று எழுதுவார்கள். மீன்பிடிக்கிற பார்வையில் இது மடத்தனமான தொழில். மீன் எங்கே இருக்கிறது என்று தெரிந்தும் அங்கே போகாமல் இருப்பது எந்தக் கடலோடிக்கும் கசக்கும். ஆனால் இழுவைக் கப்பல் பதிவேடு எதைச் சொல்லத் தவறியதோ, அதை இது சொல்லும்.

மீன் மெதுவாகத் திரும்பிவருகிறது. 2010க்குப் பிறகு எண்ணிக்கை கூடியது. பிறகு சில வருஷமாக ஒரே நிலையில் நிற்கிறது. 1960களில் இருந்ததன் அருகில்கூட அது இல்லை. இதற்கிடையே தீவின் தொழில் நண்டுக்கும் இறாலுக்கும் மாறிவிட்டது. காட் தின்று குறைத்துவந்தவை அவை. காட் போனதும் பெருகின. காட்டைவிட நல்ல விலையும் போகின்றன. ஆனால் அந்த வருமானம் அதே ஆட்களுக்குப் போகவில்லை. உரிமமும் பெரிய படகும் இருந்தவர்கள் பிழைத்தார்கள். காட் வெட்டிக்கொண்டிருந்த ஆலைத் தொழிலாளிகளில் பலர் ஊரைவிட்டே போனார்கள். 1990களில் நியூஃபவுண்ட்லாந்தின் மக்கள்தொகை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைந்தது.

2023-இல் அரசு அறிவியலாளர்கள் கணக்குப் போடும் முறையைத் திருத்தினார்கள். 1980களிலிருந்து தொடங்கிய கணக்கை 1950கள் வரை பின்னுக்கு நீட்டியபோது, இதற்குக் கீழே போனால் ஆபத்து என்று வைத்திருந்த கோடு முன்பு நினைத்ததைவிடக் கீழே இறங்கியது. அதனால் ஆபத்துக் கட்டத்தில் இருந்த காட், கவனத்துக்குரிய கட்டத்துக்கு நகர்ந்தது. கடலில் மீன் கூடியதால் நேர்ந்த நகர்வு அல்ல அது, அளவுகோல் மாறியதால் நேர்ந்தது. அதை ஒட்டி 2024 ஜூன் மாதம் தடையை நீக்கினார்கள். அனுமதித்த அளவு 18,000 டன். பெரும்பங்கு கரையோரப் படகுகளுக்கு. ஒரு சிறு பங்கு ஆழ்கடல் இழுவைக் கப்பல்களுக்கும் போனது. வேறு எந்தத் தொழிற்சங்கமாக இருந்தாலும் தடை நீங்கியதைக் கொண்டாடியிருக்கும். நியூஃபவுண்ட்லாந்து மீனவர் சங்கம் எதிர்ப்புத் தெரிவித்தது. அவர்கள் ஆட்சேபித்தது, அந்தச் சிறு பங்கை.